பலகையில் ஒன்று, போறணையடியில் இன்னொன்று

கேள்வி: அப்பா 1988இல் தொடங்கிய வெதுப்பகத்தை இரண்டு வருடமாக நான் நடத்துகிறேன். 28 பேர் வேலை செய்கிறார்கள். 'பிழையை மறைக்காதே, உடனே சொல்' என்று பெரிதாக எழுதி மாட்டினேன், கூட்டமும் வைத்தேன். போன மாதம் உப்புப் போடாத பாண் கடைகளுக்குப் போய்விட்டது. கடைக்காரர் சொல்லித்தான் எனக்கே தெரியும். அப்பா மாதிரி நான் கத்துவதில்லை, வீணாகும் மாவுக்கு மட்டும் சம்பளத்தில் பிடிக்கிறேன். புதிதாக வரும் பொடியன்களும் மூன்று மாதத்தில் பழையவர்கள் மாதிரியே வாய் திறக்காதவர்களாகிவிடுகிறார்கள். ஆட்களை மாற்றுவதா? — வாசகர், கொக்குவில்

பதில்: ஆட்களை மாற்ற வேண்டாம். மாற்றினாலும் அடுத்த மூன்று மாதத்தில் இதே இடத்துக்குத்தான் வருவீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்தப் பாண். 50 கிலோ மா மூட்டைக்கு ஏறக்குறைய ஒரு கிலோ உப்புப் போகும். அது விடுபட்டால் குழைத்த மா தளர்ந்து கையில் ஒட்டும், வழக்கத்தைவிட வேகமாகப் பொங்கும். குழைத்தவருக்கும் உருட்டியவருக்கும் அங்கேயே விளங்கியிருக்கும். போறணையில் வைத்தவருக்கும் நிறம் சரியாக வராதது தெரிந்திருக்கும். ஆக மூன்று பேராவது அறிந்த விஷயம் உங்களிடம் வரவில்லை. ஒருவர் மறைத்தால் அது அவருடைய குணம். மூன்று பேர் பேசி வைக்காமலே ஒன்றுபோல மறைத்தால் அதற்குப் பெயர் பண்பாடு.

நிறுவனப் பண்பாட்டைப் பற்றி எழுதியவர்களில் எனக்கு இன்றும் உதவுகிறவர் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த எட்கர் ஷைன். 1985இல் வந்த தன் நூலில் அவர் பண்பாட்டை மூன்று அடுக்காகப் பிரித்தார். மேலே இருப்பது கண்ணுக்கும் காதுக்கும் படுபவை: உங்கள் பலகை, சீருடை, காசுமேசை இருக்கிற இடம், நீங்கள் உள்ளே வந்ததும் நின்றுபோகும் கதை. அதற்குக் கீழே, 'நாங்கள் இப்படித்தான்' என்று வாயால் சொல்லும் விழுமியங்கள். அடியில் இருப்பவை அடிப்படை எடுகோள்கள். இவற்றை யாரும் சொல்வதில்லை, சரியா பிழையா என்று விவாதிப்பதும் இல்லை. மழைக்குக் குடை பிடிப்பதுபோல யோசிக்காமலே செய்கிற விஷயங்கள் அவை. மேல் இரண்டும் கீழ் அடுக்கோடு முட்டும்போது வெல்வது கீழ் அடுக்குதான்.

உங்கள் வெதுப்பகத்தின் அடியில் இருக்கும் எடுகோள் 'பிழையைச் சொன்னவன்தான் அதற்குக் காசு கட்டுவான்' என்பதாக இருக்கும் என்று நினைக்கிறேன். அது வந்த வழியையும் ஊகிக்கலாம். 1990களின் பொருளாதாரத் தடையிலும், 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்ட பிறகும் யாழ்ப்பாணத்தில் மா எவ்வளவு அருமையான பொருள் என்று உங்கள் அப்பாவுக்குத் தெரியும். ஒரு மூட்டை வீணானால் ஏறக்குறைய 150 பாண் போச்சு, அடுத்த மூட்டை எப்போது வரும் என்பதும் நிச்சயமில்லை. அந்தக் காலத்தில் சம்பளத்தில் பிடிப்பது வேலை செய்திருக்கிறது: கை கவனமாயிற்று, வெதுப்பகமும் மூடாமல் தப்பியது. ஷைன் சொல்வதும் இதைத்தான். ஒரு பிரச்சினையைத் தீர்த்த வழி திரும்பத் திரும்பப் பலித்தால் அது கேள்வி கேட்கப்படாத உண்மையாக அடியில் படிந்துவிடும். தட்டுப்பாடு போன பிறகும் அது அங்கேயே கிடக்கும்.

இது என் ஊகம்தான். நீங்கள் ஒருமுறை பார்த்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். கேள்விக்கொத்து அச்சடித்துக் கொடுக்காதீர்கள், அதில் எல்லாரும் பலகையில் உள்ளதையே எழுதித் தருவார்கள். ஐந்தாறு பேரை இரண்டு மணித்தியாலம் உட்கார வையுங்கள். அதில் ஒருவராவது வேலைக்கு வந்து இரண்டு மாதத்துக்குள் இருக்க வேண்டும், ஏனென்றால் பழையவர்களுக்கு மரத்துப்போனது அவர் கண்ணுக்குத்தான் படும். நீங்கள் அங்கே இருக்கக்கூடாது. அவர்கள் நம்பிக் கதைக்கக்கூடிய வெளியாள் ஒருவர் நடத்தட்டும். 'இங்கே ஒரு பிழை நடந்தால் முதலில் என்ன நடக்கும்?' என்று கேட்டுக் கண்ணால் கண்டதை மட்டும் வரிசையாக எழுதச் சொல்லுங்கள். பக்கத்தில் பலகை வாசகத்தை எழுதுங்கள். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் நின்று 'அப்படியென்றால் இங்கே உண்மையான விதி என்ன?' என்று கேட்டால் எடுகோள் அவர்கள் வாயாலேயே வரும்.

அப்புறம் உங்கள் மூன்று மாதக் கணக்கு. பண்பாடு பலகையால் நிலைப்பதில்லை. முதலாளி தினமும் எதைக் கேட்கிறார், நெருக்கடியில் எப்படி நடக்கிறார், காசை எங்கே பிடிக்கிறார், யாரை உயர்த்துகிறார், யாரைச் சேர்க்கிறார் என்பவற்றால்தான் நிலைக்கிறது. பலகையும் கூட்டமும் இவற்றோடு ஒத்துப்போனால் துணை செய்யும், ஒத்துப்போகாவிட்டால் பகிடிக்குத்தான் உதவும். (ஒரு நிறுவனத்தில் 'உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்' என்று எழுதிய பெட்டி பார்த்தேன். பூட்டுத் துருப்பிடித்திருந்தது, திறப்பு யாரிடம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.)

காலையில் உங்கள் முதல் கேள்வி 'எத்தனை பாண் போனது?' என்றுதானே இருக்கும்? புதிய பொடியன் முதல் நாளே அதைக் கவனிக்கிறான். முதல் மாதச் சம்பளத்தில், பிழையை ஒத்துக்கொண்டவருக்குக் காசு குறைவதைப் பார்க்கிறான். ஆள் எடுக்கும்போதும், வேலை செய்கிறவர்களின் மருமகன், மச்சான் என்றுதான் வந்துசேர்கிறார்கள் போலும். அவர்களுக்கு இந்த விதி வீட்டிலேயே சொல்லிக் கொடுக்கப்பட்டிருக்கும். பொருந்தாதவன் தானாக விலகிப் போவான். கத்துவதை விட்டது நல்லது, ஆனால் சம்பளக் கணக்கு கத்தலைவிடத் தெளிவாகப் பேசுகிறது.

ஆகவே முதல் வேலை அந்தப் பிடித்தத்தை நிறுத்துவது. 'போறணைக்குப் போகுமுன் சொன்ன பிழைக்கு ஒரு சதமும் பிடிக்கமாட்டேன்' என்று தெளிவாகச் சொல்லுங்கள். களவுக்கும் வேண்டுமென்று செய்வதற்கும் இது பொருந்தாது என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். காலைக் கேள்வியையும் மாற்றுங்கள்: 'இரவு என்ன பிழைத்தது?'

முதலில் ஒருவரும் சொல்லமாட்டார்கள். பிறகு ஒருவர் சின்னதாக ஒன்றைச் சொல்லிப் பார்ப்பார், பணிஸ் ஒரு தட்டுக் கருகியது என்பதுபோல. அந்தக் கணத்தில் 28 பேரும் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். பெரிய நன்றியுரை வேண்டாம். 'சரி, என்ன செய்தீர்கள்?' என்று கேட்டு வேலையைப் பாருங்கள். அன்று முகம் சுளித்தால் ஒரு வருடம் பின்னுக்குப் போய்விடும். மூத்தவர்களுக்குக் கூடுதல் தவணை கொடுங்கள். பொடியன் முன்னால் பிழையை ஒத்துக்கொள்வது அவர்களுக்கு மதிப்பு இழக்கிற விஷயம். வற்புறுத்தினால் பயம் கூடுமே தவிர வாய் திறக்காது. முதலில் நீங்களே உங்கள் பிழை ஒன்றைச் சொல்லுங்கள், கணக்கில் விட்ட பிழை என்றாலும் போதும்.

பலன் தெரிய இரண்டு எண்களைக் கொப்பியில் எழுதி வாருங்கள்: உள்ளே சொல்லப்பட்ட பிழைகள், கடைகளிலிருந்து திரும்பி வந்த முறைப்பாடுகள். முதல் எண் ஏறும். ஏறினால் பயப்படாதீர்கள். பிழை கூடியது என்று அர்த்தமில்லை, மறைவிலிருந்தது வெளியே வருகிறது. சில மாதங்களில் இரண்டாவது எண் இறங்க வேண்டும். இரண்டுமே அசையாமல் கிடந்தால், பிடித்தம் வேறு பெயரில் நடக்கிறதா என்று தேடுங்கள். மேலதிக நேர வேலை யாருக்குக் கிடைக்காமல் போகிறது என்பதிலிருந்து தொடங்கலாம்.

அப்பா இன்னும் கடைக்கு வந்து இருப்பாரானால், மா இல்லாத நாட்களில் அந்த விதியை ஏன் வைத்தார் என்பதை அவரே வேலையாட்களுக்குச் சொல்லட்டும். அது முடிந்துவிட்டது என்பதையும் அவர் வாயால் சொல்வது நல்லது. நீங்கள் சொன்னால் மகனின் புதுப் புதினம் என்று நினைப்பார்கள்.