தடிப்பே இல்லாமல் உடம்பெல்லாம் அரிப்பு: எந்த ரத்தப் பரிசோதனைகள்?

"ஒரு மாதமாக உடம்பு முழுக்க அரிக்கிறது, தோலில் ஒன்றுமே தெரியவில்லை. பிலிருபின் நார்மல். அப்படியென்றால் கல்லீரலில் பிரச்சினை இல்லைதானே?"

அப்படிச் சொல்லிவிட முடியாது. பித்தம் சரியாக வடியாமல் தேங்கும்போது, பிலிருபின் கூடிக் கண் மஞ்சளாகும் முன்பே அரிப்பு தொடங்கலாம். உள்ளங்கை, உள்ளங்காலில் அதிகமாகி, இரவில் தூக்கத்தைக் கெடுத்தால் இந்தச் சந்தேகம் வலுக்கும். ரிப்போர்ட்டில் அல்கலைன் பாஸ்படேஸ் வரியைப் பாருங்கள். பிலிருபின் 0.8, பாஸ்படேஸ் 310 (பெரியவர்களுக்கு மேல் வரம்பு சுமார் 120) என்று வைத்துக்கொள்வோம். இந்த நொதி எலும்பிலிருந்தும் வரும். அதனால் ஜிஜிடி என்ற இன்னொரு கல்லீரல் நொதியையும் பார்ப்பார்கள். அதுவும் கூடியிருந்தால் மூலம் கல்லீரல்தான். அடுத்து, பித்தக் குழாய் அடைப்பு உண்டா என்று அல்ட்ராசவுண்ட். அதில் அடைப்பு இல்லையென்றால், உடலின் எதிர்ப்புச் சக்தியே சிறு பித்தக் குழாய்களைத் தாக்குகிறதா என்று அறிய ஆன்டிமைட்டோகாண்ட்ரியல் ஆன்டிபாடி பரிசோதனை. சில மாத்திரைகளும் பித்தத்தைத் தேக்கும், எனவே சாப்பிடுவதையெல்லாம் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கர்ப்பிணிக்கு இப்படி அரித்தால் காத்திருக்கக் கூடாது. அன்றே பித்த அமிலப் பரிசோதனை வேண்டும்.

கூடவே சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினின், தைராய்டுக்கு டிஎஸ்எச், சர்க்கரை, முழு ரத்த எண்ணிக்கை பார்ப்பது வழக்கம். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினை விட்டுவிடுகிறார்கள், ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்புச்சத்து குறைந்து அரிக்கலாம். குளித்தவுடன் அரித்து, ஹீமோகுளோபின் அளவுக்கு மீறியிருந்தால் ரத்தச் சிவப்பணுக்கள் மிதமிஞ்சிப் பெருகும் பாலிசைத்தீமியாவைத் தேடுவார்கள். எடை குறைந்து, இரவில் உடை நனைய வியர்த்தால் நிணநீர்ப் புற்றுநோயான லிம்போமாவுக்காக மார்பு எக்ஸ்ரேயும் எடுப்பார்கள்.