மூக்கில் பட்டன் பேட்டரி, காந்தம்: காது மூக்கு தொண்டை மருத்துவரின் கேள்வி பதில்

கேள்வி (ஒரு தாய்): என் மூன்று வயது மகன் பொம்மையிலிருந்த சின்ன பேட்டரியை மூக்கில் போட்டுக்கொண்டான் என்று அவன் அக்கா சொல்கிறாள். டார்ச் அடித்துப் பார்த்தால் எதுவும் தெரியவில்லை. அழவும் இல்லை. காலை வரை பார்க்கலாமா?

பதில்: கூடாது. இப்போதே கிளம்புங்கள். அவசர சிகிச்சைப் பிரிவும் காது மூக்கு தொண்டை மருத்துவரும் உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். ஒருவர் வண்டியை எடுக்கும்போதே இன்னொருவர் அங்கே தொலைபேசியில் பேசி, ‘மூக்கில் பட்டன் பேட்டரி’ என்று தெளிவாகச் சொல்லட்டும். ‘மூக்கில் எதையோ போட்டுக்கொண்டான்’ என்று சொன்னால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். குழந்தையை நிமிர்த்தி உட்கார வைத்தே கூட்டிச் செல்லுங்கள். மயக்க மருந்து கொடுத்து எடுக்க வேண்டியிருக்கலாம் என்பதால் சாப்பாடு, பால், தண்ணீர் எதுவும் வேண்டாம். அந்தப் பொம்மையில் இதே போன்ற இன்னொரு பேட்டரி இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அதன் முதுகில் உள்ள எண்ணைப் பார்த்தால் அளவும் வகையும் தெரிந்துவிடும். மூக்குக்குள் எதையும் விடாதீர்கள், எதையும் நுழைக்காதீர்கள்.

பேட்டரி கசிந்தால்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். துளிகூடக் கசியாத புதுப் பேட்டரியும் புண்ணாக்கும். மூக்கின் உட்தோல் ஈரமானது. பேட்டரியின் இரு முனைகளும் அந்த ஈரத்தைத் தொட்டதும் அதன் வழியே மின்சாரம் ஓடுகிறது. எதிர்மின் முனை தொடும் இடத்தில் நீர் பிரிந்து கடுமையான காரம் உருவாகிக்கொண்டே இருக்கிறது. காரம் பட்ட தசை சோப்பு போல் கரைந்து வழுவழுப்பாகிவிடுவதால் புண் ஆழமாக இறங்கும். இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே திசு சாகத் தொடங்கிவிடும். ஆகவே அவன் அழாமல் விளையாடிக்கொண்டிருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். டார்ச் வெளிச்சம் முன்பகுதியைத்தான் காட்டும். அதற்குப் பின்னால் இருப்பதை எக்ஸ்ரே காட்டும்.

கேள்வி (ஒரு பாட்டி): பேத்திக்கு நான்கு நாளாக வலது மூக்கில் மட்டும் சளி. நாற்றமும் அடிக்கிறது. சளி மருந்து கொடுத்தும் நிற்கவில்லை. அவள் எதையும் போட்டுக்கொண்டதாகச் சொல்லவில்லை.

பதில்: அம்மா, சாதாரணச் சளி பெரும்பாலும் இரண்டு மூக்கிலும் ஒழுகும். சின்னக் குழந்தைக்கு ஒரே பக்கம், அதுவும் நாற்றத்தோடு ஒழுகினால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று எடுத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும். இன்றே காட்டுங்கள். பழுப்போ கறுப்போ கலந்து வந்தால் வெளிநோயாளர் பிரிவுக்குக் காத்திருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

நான் பார்த்த ஒரு குழந்தையின் கதையைச் சொல்கிறேன். அவளும் இந்த வயதுதான். முதல் நாள் மாலை மூக்கைத் தேய்த்துக்கொண்டு அழுதிருக்கிறாள், தண்ணீராக ஒழுகியிருக்கிறது. மறுநாள் ஒரு மருத்துவமனையில் சளி என்று சொல்லி மூக்கில் விட உப்புநீர்ச் சொட்டு கொடுத்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் மூக்கு ஓரத்தில் கரிபோன்ற பொருக்கு, கெட்ட வாடை, கன்னத்தில் லேசான வீக்கம். எங்களிடம் வந்தபோது எக்ஸ்ரேயில் வட்டத்துக்குள் வட்டமாக இரட்டை வளையம் தெரிந்தது. நாணயமாக இருந்தால் ஒற்றை விளிம்புதான் தெரியும். இரட்டை விளிம்பு பட்டன் பேட்டரியின் அடையாளம். மயக்கம் கொடுத்து எடுத்தோம். எதிர்மின் முனை மூக்கின் நடுச்சுவரைப் பார்த்து இருந்தது. அந்த இடம் முழுக்கக் கறுப்பு. எதிர்ப்பக்கத்தில் வீக்கம் மட்டுமே. நடுச்சுவரின் குருத்தெலும்புக்குச் சொந்தமாக ரத்தக்குழாய் கிடையாது, மேலே போர்த்தியிருக்கும் உட்தோல்தான் அதற்கு ஊட்டம் தருகிறது. உட்தோல் கருகிவிட்டதால் சில வாரங்களில் அங்கே துளை விழுந்தது. முதல் நாள் மாலையே வந்திருந்தால் பெரும்பகுதியைக் காப்பாற்றியிருக்கலாம்.

கேள்வி (வேதியியல் ஆசிரியர்): காரம்தான் எதிரி என்றால் அமிலத்தால் அதைச் சமன் செய்யலாமே? பேட்டரியை விழுங்கிய குழந்தைக்குத் தேன் கொடுக்கச் சொல்கிறார்கள் என்று படித்திருக்கிறேன். மூக்கில் நீர்த்த வினிகர் இரண்டு சொட்டு விட்டால் என்ன?

பதில்: ஐயா, நீங்கள் படித்தது சரி. அது விழுங்கிய குழந்தைக்கு மட்டும் பொருந்தும். ஒரு வயதைத் தாண்டியிருந்து, விழுங்கிப் பன்னிரண்டு மணி நேரம் ஆகாமல், குழந்தையால் விழுங்க முடிந்தால், மருத்துவமனைக்குப் போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டி தேன், அதிகபட்சம் ஆறு முறை. அங்கே தேன் பேட்டரியைப் பூசி மூடுகிறது, அதன் புளிப்பு காரத்தையும் கொஞ்சம் தணிக்கிறது. உணவுக்குழாயிலிருந்து பேட்டரியை எடுத்த பிறகு நீர்த்த அசிட்டிக் அமிலத்தால் மருத்துவர்கள் கழுவுவதும் உண்டு. எடுத்த பிறகு என்பதைக் கவனியுங்கள்.

மூக்கில் பேட்டரி இருக்கும்வரை காரம் ஊறிக்கொண்டே இருக்கும். உங்கள் இரண்டு சொட்டு ஒரு நொடி சமன் செய்துவிட்டு அதன்பின் வெறும் ஈரமாக நிற்கும். அழுகிற குழந்தை அதை உறிஞ்சினால் மூச்சுக்குழாய்க்குப் போகும். காதில் விட்டால் நிலைமை இன்னும் மோசம்: செவிப்பறையில் ஏற்கனவே துளை விழுந்திருந்தால் அத்தனையும் நடுக்காதுக்குள் இறங்கும்.

கேள்வி (அதே ஆசிரியர்): ஆனால் மூக்கு ஏற்கனவே ஈரமான இடம்தானே. சளியிலும் உப்பு இருக்கிறது. இரண்டு சொட்டால் மின்னோட்டம் எவ்வளவு கூடிவிடப் போகிறது?

பதில்: நல்ல கேள்வி. பேட்டரி எல்லா இடத்திலும் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. சில புள்ளிகளில் தொடும், மற்ற இடங்களில் காற்றிடைவெளி இருக்கும். நீங்கள் விடும் திரவம் அந்த இடைவெளிகளை நிரப்பித் தொடும் பரப்பை அகலமாக்குகிறது. உருவான காரத்தை இதுவரை புண்படாத இடத்துக்கும் கொண்டுபோகிறது. மின்னோட்டம் எத்தனை மடங்கு கூடும் என்று நாம் இருவரும் இரவு முழுக்க வாதாடலாம். அந்தக் கணக்கு எப்படி வந்தாலும் சொட்டு விடுவதால் குழந்தைக்கு லாபம் எதுவும் இல்லை, நேரம்தான் போகும்.

கேள்வி (ஒரு தந்தை): ஆசிரியர் சொல்வதுதான் சரி. என் மகன் காதில் போட்டுக்கொண்டபோது எண்ணெய் விட்டு மிதக்க வைத்து எடுத்தோம். ஒன்றும் ஆகவில்லை.

பதில்: என்ன போட்டுக்கொண்டான்?

அதே தந்தை: பாசிமணி.

பதில்: அப்படியானால் உங்கள் அனுபவம் வேறு விஷயம். பாசிமணி எதையும் எரிக்காது. பேட்டரியோ கனமான உலோகம், எண்ணெயில் மிதக்காது.

கேள்வி (இளம் தாய்): காதில் பேட்டரி இருந்தால் வெதுவெதுப்பான எண்ணெய் விடலாமா? பேட்டரி தீர்ந்துபோனதுதான்.

பதில்: விடக் கூடாது. எண்ணெய், தண்ணீர், உப்புநீர், காதுச் சொட்டு மருந்து எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். இதற்கு மேல் வரும் எண்ணெய்க் கேள்விகளுக்குப் பதில் எழுத மாட்டேன். தீர்ந்த பேட்டரியும் பேட்டரிதான். பொம்மையை ஓட்டப் போதாத மின்சாரம் திசுவை எரிக்கப் போதும். நீரைப் பிரிக்க ஏறத்தாழ 1.23 வோல்ட் போதும்; மூன்று வோல்ட் லித்தியம் பேட்டரி ‘தீர்ந்துவிட்டது’ என்று தூக்கி எறியப்படும்போதும் அதைவிட அதிகம் வைத்திருக்கலாம். காதில் தங்கினால் செவிப்பறையும் சிறு எலும்புகளும் அழியலாம், முக நரம்பும் பாதிக்கப்படலாம். மூக்குக்குச் சொன்ன அதே வேகத்தில் கிளம்புங்கள்.

கேள்வி (அவசரப் பிரிவு செவிலியர்): ஐயா, ஒரு மாற்றுக் கருத்து. மூக்கில் சிக்கியதற்குத் தாய் குழந்தையின் வாயில் வாய் வைத்து, மறுபக்க மூக்கை மூடி, ஒருமுறை ஊதும் முறையை எங்கள் பிரிவில் கற்றுக்கொடுக்கிறோம். பேட்டரிக்கும் ஒரே ஒருமுறை முயன்று பார்ப்பதில் என்ன தவறு? வெளியே வந்தால் அந்த நிமிடமே மின்சாரம் நின்றுவிடுகிறதே.

பதில்: மணி, பட்டாணி போன்றவற்றுக்கு நல்ல முறை, நானும் சொல்லிக்கொடுக்கிறேன். பேட்டரி விஷயத்தில் உங்களோடு முழுதாக ஒத்துப்போக மாட்டேன். வீட்டில் ‘ஒருமுறை’ என்பது அரைமணி நேர முயற்சியாக மாறுவதைப் பார்த்திருக்கிறேன். வீங்கிய உட்தோலில் பதிந்த பேட்டரி காற்றுக்கு அசைவதும் அரிது. மருத்துவமனை பல மணி நேரத் தொலைவில் இருந்தால்? அங்கே உங்கள் வாதத்துக்கு வலு இருக்கிறது. வண்டி வரும்வரை ஒருமுறை ஊதிப் பார்த்த தாயைக் குறை சொல்ல மாட்டேன். ஊதுவதற்காக வண்டியை நிறுத்தி வைக்கக் கூடாது.

செவிலியர்: அவ்வளவுதான் நானும் சொன்னேன்.

பதில்: நீங்கள் சொன்னதைப் படிப்பவர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பதுதான் என் பயம்.

கேள்வி (ஒன்பது வயதுப் பெண்ணின் தந்தை): மூக்குத்தி போட்டதுபோல் காட்ட, மகள் இரண்டு மூக்கிலும் ஒவ்வொரு காந்த உருண்டை வைத்தாள். இப்போது இரண்டும் உள்ளே ஒட்டிக்கொண்டன. வெளியே பெரிய காந்தம் வைத்து இழுக்கலாமா?

பதில்: இழுக்காதீர்கள், அது உருண்டையை வேறு இடத்துக்கு நகர்த்திவிடும். இங்கே காரம் கிடையாது, நெரிப்புதான் ஆபத்து. நியோடிமியம் உருண்டைகள் இரண்டும் நடுச்சுவரை இருபுறமும் கவ்வுவதால் உட்தோலுக்கு ரத்தம் போவது நின்றுவிடுகிறது. முடிவு அதே துளைதான். சாதாரண இரும்பு இடுக்கியைக் கொண்டுபோனால் காந்தம் இடுக்கியிலேயே ஒட்டிக்கொள்ளும். நாங்கள் காந்தத்தால் ஈர்க்கப்படாத கருவியை வைத்து, உருண்டைகளை ஒன்றிலிருந்து ஒன்று சறுக்கி விலக்கி எடுப்போம். இதுவும் இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை. போகும்போது மல்லாந்து படுக்க வேண்டாம், மூக்கை உறிஞ்ச வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். மொத்தம் எத்தனை உருண்டைகள் இருந்தன என்று எண்ணிப் பாருங்கள். ஒன்று குறைந்தால் விழுங்கியிருக்கலாம். மருத்துவரிடம் அதை முதலிலேயே சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. அறைப்பக்கம் மட்டும் கூட்டிப்போகக் கூடாது.

கேள்வி (பெயர் சொல்லாதவர்): காதில் பேட்டரி, நல்லெண்ணெய் விடலாமா?

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி (ஒரு தாய்): நேற்று மகனுக்கு மூக்கிலிருந்து பேட்டரியை எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனி பயமில்லைதானே?

பதில்: மின்சாரம் நின்றுவிட்டது, ஆனால் திசுவில் ஊறிய காரம் இன்னும் சில நாட்கள் வேலை செய்யும். எதிர்மின் முனை எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று எடுத்த மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அந்த இடத்தைத்தான் அடுத்த முறை உற்றுப் பார்க்க வேண்டும். மறுபரிசோதனைத் தேதியைத் தவறவிடாதீர்கள். பொருக்கைச் சுரண்ட வேண்டாம். அவர்கள் எழுதிக்கொடுத்த களிம்பும் கழுவலும் மட்டும் போதும். பேட்டரி இப்போது உள்ளே இல்லாததால் அவர்கள் சொன்ன உப்புநீருக்குத் தடையில்லை. ரத்தம் கசிந்தாலோ, மறுபடி கறுப்பாக ஒழுகினாலோ, காய்ச்சலோடு மூக்கு வீங்கினாலோ தேதிக்குக் காத்திருக்காதீர்கள். சில வாரம் கழித்து மூச்சு விடும்போது மூக்கில் சீழ்க்கைச் சத்தம் கேட்டால் நடுச்சுவரில் துளை விழுந்திருக்கலாம், அப்போதும் காட்டுங்கள்.