மூடி வைத்த பாட்டிலுக்குள் கேஸ் எங்கே போகிறது?

கேள்வி: பாதி குடித்த கூல்ட்ரிங்க்கை மூடி வெளியே வைத்தால் மறுநாளே கேஸ் போய்விடுகிறது, ஃபிரிட்ஜில் வைத்தால் கொஞ்சம் தாங்குகிறது. ஏன்? பாட்டிலை நசுக்கி, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றி மூடினால் கேஸ் நிற்கும் என்கிறார்களே, உண்மையா?

ஃபிரிட்ஜில் வைப்பது உண்மையாகவே உதவும். நசுக்குவதால் பயனில்லை. ஏன் என்று பார்க்க, கேஸ் தண்ணீருக்குள் எப்படி நிற்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

1803-இல் மான்செஸ்டரைச் சேர்ந்த வில்லியம் ஹென்றி ஒரு விதியைச் சொன்னார். வெப்பநிலை மாறாதவரை, தண்ணீரில் கரையும் வாயுவின் அளவு அந்த வாயு தண்ணீருக்கு மேலே தரும் அழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். அழுத்தம் இரண்டு மடங்கானால் கரைவதும் இரண்டு மடங்கு. இதில் பலரும் கவனிக்காமல் விடுவது, 'அந்த வாயு தரும் அழுத்தம்' என்பதைத்தான். வாயுக் கலவையில் ஒவ்வொரு வாயுவும் தன் பங்குக்கு ஓர் அழுத்தம் தருகிறது. அதுதான் பகுதி அழுத்தம். நாம் சுவாசிக்கும் காற்றின் மொத்த அழுத்தம் 1 அட்மாஸ்பியர் என்றால், அதில் கார்பன் டை ஆக்சைடின் பங்கு 0.0004 அட்மாஸ்பியர்தான். நைட்ரஜனும் ஆக்சிஜனும் எவ்வளவு இருந்தாலும், சோடாவில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடை அவை பிடித்து வைக்காது. திறந்த டம்ளரில் இருக்கும் சோடா, வெயிலில் இருந்தாலும் ஃபிரிட்ஜில் இருந்தாலும், கடைசியில் கேஸ் இல்லாத தண்ணீராகத்தான் முடியும். எவ்வளவு சீக்கிரம் என்பதில்தான் வித்தியாசம்.

இனி வெப்பநிலை. வாயு தண்ணீரில் கரையும்போது கொஞ்சம் வெப்பம் வெளியேறுகிறது. அதனால் தண்ணீரைச் சூடாக்கினால் எதிர்த்திசை வலுக்கிறது. மூலக்கூறுகள் தண்ணீரின் லேசான பிடியை விட்டு எளிதாக வெளியேறுகின்றன. கார்பன் டை ஆக்சைடின் பகுதி அழுத்தம் 1 அட்மாஸ்பியராக இருக்கும்போது, 5 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 2.8 கிராம் கேஸைத் தாங்கும். 30 டிகிரியில் 1.25 கிராம்தான், அதாவது பாதிக்கும் கீழே. (சர்க்கரை கலந்தால் இரண்டுமே சற்றுக் குறையும். கணக்குக்கு வெறும் தண்ணீரையே எடுத்துக்கொள்கிறேன்.)

லிட்டருக்கு 6 கிராம் கேஸ் அடைத்த புதிய பாட்டிலை எடுத்துக்கொள்வோம். 5 டிகிரியில் இந்த 6 கிராமைக் கரைந்த நிலையில் வைத்திருக்க 2 அட்மாஸ்பியருக்குச் சற்று மேல் போதும். 30 டிகிரியில் கிட்டத்தட்ட 4.8 தேவை. கடை வாசலில் வெயிலில் அடுக்கியிருக்கும் பாட்டில்கள் கல் மாதிரி இறுகியிருப்பது இதனால்தான். ஆனால் மூடி திறக்காதவரை கேஸ் எங்கும் போய்விடவில்லை. அந்தப் பாட்டிலைச் சில மணி நேரம் நன்றாகக் குளிரவிட்டால், மேலே ஏறிய கேஸ் திரும்பக் கரைந்துவிடும். சூடாகவே திறந்தால்தான் நஷ்டம்.

இப்போது உங்கள் பாட்டில். ஒரு லிட்டர் பாட்டிலில் அரை லிட்டர் மீதம், அதில் 3 கிராம் கேஸ் கரைந்திருக்கிறது, மேலே அரை லிட்டர் காலி இடம் என்று வைத்துக்கொள்வோம். மூடியதும் அந்த இடத்தில் இருப்பது சாதாரணக் காற்று. கார்பன் டை ஆக்சைடின் பகுதி அழுத்தம் ஏறக்குறைய பூஜ்யம். ஆகவே தண்ணீரிலிருந்து கேஸ் மேலே ஏறும். மேலே சேரச் சேர அதன் பகுதி அழுத்தம் உயர்ந்து, ஒரு கட்டத்தில் ஏறுவதும் இறங்குவதும் சமமாகிவிடும். ஆட்டாமல் வைத்தால் இதற்குச் சில மணி நேரமாவது ஆகும்.

அந்தச் சமநிலை எங்கே நிற்கும்? 5 டிகிரியில் தண்ணீரில் சுமார் 1.8 கிராம், மேலே 1.2 கிராம். 30 டிகிரியில் தண்ணீரில் 1.25 கிராம், மேலே 1.75 கிராம். அடுத்த முறை மூடியைத் திறந்ததும் மேலே இருப்பது 'புஸ்' என்று போய்விடும். வெளியே வைத்த பாட்டிலில் பாதிக்கு மேல் ஒரே நொடியில் காலி. சத்தம் பெரிதாக வந்தால் கேஸ் நன்றாக இருக்கிறது என்று சந்தோஷப்படுகிறோம். சூடான பாட்டிலில் அந்தச் சத்தம் உங்களை விட்டுப் போகும் கேஸின் சத்தம்.

அதோடு முடியவில்லை. திறந்த பிறகு தண்ணீரில் மீதமிருப்பதும் வெவ்வேறு விதமாகப் போகும். தண்ணீருக்குள் ஒரு குமிழி பிழைத்து வளர வேண்டுமானால், உள்ளே இருக்கும் கேஸ் வெளியே அழுத்தும் 1 அட்மாஸ்பியரையாவது எதிர்த்து நிற்க வேண்டும். ஃபிரிட்ஜ் பாட்டிலில் இப்போது லிட்டருக்கு சுமார் 3.5 கிராம் இருக்கிறது. அந்தக் குளிரில் 1 அட்மாஸ்பியருக்கான அளவு 2.8. மிச்சம் கொஞ்சம்தான், குமிழியும் சோம்பலாகத்தான் வரும். வெளியே இருந்த பாட்டிலில் 2.5 கிராம், 30 டிகிரிக்கான அளவோ 1.25. இரண்டு மடங்கு அதிகம், அதனால் பொங்கும். போதாததற்குச் சூட்டில் மூலக்கூறுகள் தண்ணீருக்குள் நகரும் வேகமும் 5 டிகிரியில் இருப்பதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. ஆக, கேஸ் குறைவாக இருக்கும் டம்ளரில்தான் நுரை அதிகம். குளிர்ந்த டம்ளரில் அடங்கியிருக்கும் கேஸ் வாய்க்குள் போய்ச் சூடேறும்போது வெளியே வருகிறது. நாக்கில் அந்தச் 'சுர்' குளிர்ந்ததில் அதிகம் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, நசுக்கும் யோசனை. நசுக்கினால் காற்று போகும், கேஸ் ஏறுவதற்கு இடம் குறையும் என்பது கணக்கு. பாட்டில் நசுங்கியபடியே நின்றால் அது சரிதான். ஆனால் பிளாஸ்டிக் பாட்டில் அப்படி நிற்காது. தண்ணீரிலிருந்து கேஸ் வெளிவர வெளிவர பாட்டில் 'டப்' என்று பழைய உருவத்துக்குத் திரும்பிவிடும். ஃபிரிட்ஜிலேயே மேலே சேரும் கேஸின் அழுத்தம் சுமார் 1.3 அட்மாஸ்பியர் வரை போகும். பாட்டிலை உப்ப வைக்க அது தாராளம். கடைசியில் அதே அரை லிட்டர் இடம், அதே 1.2 கிராம் இழப்பு. முன்பு இருந்த காற்று போய்விட்டதே தவிர, கார்பன் டை ஆக்சைடுக்கு அதனால் எந்த மாற்றமும் இல்லை.

காற்றை உள்ளே அடிக்கும் பம்ப் மூடிகள் கிடைக்கின்றன. அவையும் இதே இடத்தில்தான் சறுக்குகின்றன. மொத்த அழுத்தம் ஏறுவதால் குமிழி கிளம்புவது தடைப்படும், கேஸ் வெளியேறும் வேகம் சற்றுக் குறையும், அவ்வளவுதான். மேலே கூடுவது நைட்ரஜனும் ஆக்சிஜனும். கார்பன் டை ஆக்சைடின் பகுதி அழுத்தம் அப்படியே. ஒரு இரவு போனால் சமநிலை அதே இடத்தில் வந்து நிற்கும். காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள் இல்லை என்பது என் கருத்து.

பாட்டில் காலியாகக் காலியாக நிலைமை இன்னும் மோசம். கால் லிட்டர்தான் மீதம், மேலே முக்கால் லிட்டர் இடம் என்றால், ஃபிரிட்ஜில் வைத்தாலும் மூன்றில் ஒரு பங்கு கேஸ்தான் தண்ணீரில் தங்கும். வெளியே வைத்தால் ஐந்தில் ஒரு பங்கு கூட இல்லை. அதனால் மீதத்தைச் சேமிக்க ஒரே வழி, மேலே இடமே இல்லாமல் செய்வது. குளிர்ந்திருக்கும்போதே, பாட்டிலைச் சாய்த்து ஓரமாக மெதுவாக, ஒரு சின்ன கூல்ட்ரிங்க் பாட்டிலில் கழுத்து வரை ஊற்றி இறுக்கி மூடி, உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள். அந்தச் சின்ன பாட்டிலையும் ஃபிரிட்ஜில் முன்கூட்டியே குளிர வைத்திருந்தால், ஊற்றும்போது பொங்குவதும் குறையும்.