கால் நரம்பு, கால் வீக்கம்: படம் அனுப்பிய வாசகர்களுக்கு

அனுப்பிய எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: இது பார்வைக்கு மட்டும் அசிங்கமா, இல்லை ஆபத்தா? வந்த படங்களில் பார்க்கவே பயமாக இருந்தவை பெரும்பாலும் சாது. நான் அவசரப்பட்டது, பார்த்தால் ஒன்றுமே இல்லாதது போலிருந்த ஒரு படத்துக்குத்தான். அது மூன்றாவது கேள்வியில் வருகிறது.

துணிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை. தொடையிலும் முழங்காலுக்குப் பின்னாலும் சிலந்தி வலை போல நீலமும் சிவப்புமாகக் கோடுகள். வலி இல்லை. ரத்தம் கட்டிவிடுமா?

இந்தக் கோடுகளால் கட்டாது. கால் நரம்பு என்று நாம் சொல்வது உண்மையில் சிரை, ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். தோலுக்குள்ளேயே ஓடும், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனுள்ள சிரைகள் இவை. உறுத்தினால் ஊசி போட்டு மறையச் செய்யலாம். பிறகு வேறிடத்தில் புதிதாக வரவும் கூடும். நிற்கும்போது தோலுக்கு மேல் சுருண்டு புடைத்து, 3 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனாக இருப்பதைத்தான் வெரிகோஸ் என்கிறோம். உங்களுக்கு அது இல்லை. அப்புறம், கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டம் வந்துவிட்டது. கேளுங்கள்.

டீ மாஸ்டராக இருக்கிறேன், வயது 52. நரம்பு முடிச்சு பல வருடமாக உண்டு. இப்போது உள்கணுக்காலுக்கு மேலே கருத்து அரிக்கிறது. சொறிந்த இடம் மூன்று வாரமாக ஆறவில்லை. படர்தாமரை களிம்பு போடுகிறேன்.

களிம்பை நிறுத்துங்கள். படத்தில் புடைத்த நரம்பை விட அந்தக் கருப்புதான் முக்கியம். சிரைக்குள் இருக்கும் வால்வுகள் பழுதானால், மேலே போக வேண்டிய ரத்தம் கீழே இறங்கித் தேங்கும். அந்த அழுத்தத்தில் சிவப்பணுக்கள் தோலுக்குள் கசிந்து சிதைகின்றன. அவற்றின் இரும்புச்சத்து படிவதால்தான் கருக்கிறது. தோல் கெட்டியாகி அரிக்கும். இது புண்ணுக்கு முந்தைய கட்டம், நீங்கள் அதையும் தாண்டிவிட்டீர்கள்.

எந்தக் களிம்பும் தனியாக இதை ஆற்றாது. ஆற்றுவது அழுத்தக் கட்டு: கணுக்காலில் இறுக்கமாக, மேலே போகப்போகத் தளர்வாக. ஆனால் கடையில் வாங்கி நீங்களே கட்டிக்கொள்ள வேண்டாம். சர்க்கரையோ புகைப்பழக்கமோ இருந்தால், காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியிலும் அடைப்பு இருக்கலாம். அந்தக் காலை இறுக்கினால் விரல் அழுகும். அதனால் முதலில் கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தம் அளந்து ஒப்பிடுவோம். பிறகு உங்களை நிற்க வைத்து, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்து, கசியும் சிரையை லேசரிலோ ரேடியோ அலையிலோ அடைப்போம். புண் ஆறட்டும் என்று இதைத் தள்ளிப்போடாமல் சீக்கிரம் செய்தால் புண்ணும் விரைவாக ஆறுகிறது.

எப்போதாவது முடிச்சு உடைந்து ரத்தம் பீறிட்டால் கயிறு கட்டாதீர்கள். படுத்து, காலை உயர்த்தி, அந்த இடத்தை விரலால் அழுத்துங்கள். நின்றுகொண்டே இருந்தால்தான் நிற்காது.

மனைவிக்கு சிசேரியன் ஆகி 12 நாள். இடது கால் மட்டும் கொஞ்சம் வீக்கம். பிள்ளை பெற்றவளுக்கு நீர் கோர்ப்பது சகஜம் என்று அம்மா எண்ணெய் தேய்த்து நீவிவிடுகிறார்.

நீவுவதை இப்போதே நிறுத்தச் சொல்லுங்கள். இன்றே மருத்துவமனைக்குப் போங்கள். பிரசவ நீர் பொதுவாக இரண்டு காலிலும்தான் கோர்க்கும். ஒரு கால் மட்டும், அதுவும் இடது என்றால், ஆழச்சிரையில் ரத்தக்கட்டி இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். இடுப்பில் இடது காலின் சிரை மீது வலது காலுக்குப் போகும் தமனி படிந்து போவதால், கர்ப்பிணிகளுக்கு இந்தப் பக்கம்தான் அதிகம் கட்டும். நீவினால் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போகலாம்.

முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் ஒரு எலும்பு மேடு தட்டுப்படும். அதிலிருந்து 10 சென்டிமீட்டர் கீழே இரண்டு கெண்டைக்காலையும் டேப்பால் அளந்தால், 3 சென்டிமீட்டர் வித்தியாசமே எங்களுக்குப் பெரிய சந்தேகம். அதற்காகக் குறைவாக இருந்தால் வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று அர்த்தமில்லை. ரத்தக்கட்டி இருக்கிறதா என்று பார்க்கும் டி-டைமர் ரத்தப் பரிசோதனை, பிரசவத்துக்குப் பின் கட்டி இல்லாவிட்டாலும் கூடுதலாகவே காட்டும். நேராக டாப்ளர் கேளுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி போட்டாலும் தாய்ப்பால் கொடுக்கலாம். மூச்சுத் திணறலோ, மூச்சிழுக்கும்போது நெஞ்சு வலியோ வந்தால் 108-ஐ அழையுங்கள்.

வெரிகோஸ் நரம்பு ஒன்று திடீரென்று கயிறு போல விறைத்து, சிவந்து, தொட்டால் வலிக்கிறது.

மேல்சிரையில் ரத்தம் உறைந்திருக்கிறது. முழங்காலுக்குக் கீழே சின்ன நீளம் என்றால் பெரும்பாலும் வலிமாத்திரையும் நடையும் போதும். 5 சென்டிமீட்டருக்கு மேல் நீண்டாலோ தொடை வழியாகக் கவட்டை நோக்கி ஏறினாலோ ஆழச்சிரைக்குள் நுழையக்கூடும். ரத்தம் உறையாமைக்கான மருந்து தேவைப்படும். எதுவரை போயிருக்கிறது என்று தோலைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஓரிரு நாளில் ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.

சாயங்காலமானால் இரண்டு பாதமும் வீங்குகிறது. நரம்பு எதுவும் தெரியவில்லை.

பிரஷருக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறீர்களா? அப்படியானால் அதுவே காரணமாக இருக்கலாம். நீங்களாக நிறுத்தாமல் மாத்திரைச் சீட்டோடு மருத்துவரைப் பாருங்கள். இல்லையென்றால் சிறுநீரில் புரதம் போகிறதா என்றும், இதயம் எப்படி இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். என்னைப் போன்ற ரத்தநாள மருத்துவரிடம் வருவது அதற்குப் பிறகுதான்.