போன்ல முகம் காட்ட மாட்டேங்குறான்

"குவைத் வந்து அஞ்சு மாசம் ஆகுது. அஞ்சு வயசுப் பையன் அம்மாச்சி வீட்ல இருக்கான். வீடியோ கால் போட்டா ஓடிப்போய் ஒளிஞ்சுக்கிறான். என்னை மறந்துட்டானா?"

மறக்கலைங்க சகோதரி. அந்த வயசுப் பிள்ளைக்குக் கோபத்தையும் ஏக்கத்தையும் சொல்லத் தெரியாது, அதான் ஒளியுறான். கூடவே, திரையில வர்ற அம்மா ரெண்டு நிமிஷத்துல மறுபடி காணாமப் போயிடுவாங்கன்னு அவனுக்குப் பழகிப்போச்சு.

முதல்ல நேரத்தை நிலையா வைங்க. உங்களுக்குச் சாயங்காலம் 4:30 மணின்னா அங்க 7 மணி. தூக்கம் சொக்குற நேரத்துக்குத் தள்ளாதீங்க, அழுகையிலதான் முடியும். பத்து நிமிஷம் போதும்.

"சாப்டியா, படிச்சியா"ன்னு கேள்வி கேட்டா அவன் பேச மாட்டான். அவன் இட்லி சாப்பிடும்போது அம்மாச்சி போனைச் சொம்புல சாய்ச்சு வைக்கட்டும். நீங்களும் அங்க உங்க தட்டோட உக்காருங்க. பேசலைன்னாலும் பரவாயில்லை. "அம்மாகிட்ட பேசுடா"ன்னு கையைப் பிடிச்சு இழுக்க வேண்டாம்னு அம்மாச்சிகிட்ட தனியாச் சொல்லுங்க. "சேட்டை பண்ணினா அம்மா வர மாட்டா"ங்கிற மிரட்டலும் கூடவே கூடாது. தன் தப்பாலதான் அம்மா போயிட்டாங்கன்னு பிள்ளை நம்பிடும்.

"சீக்கிரம் வர்றேன்"னு சொல்லாதீங்க, அவனுக்கு அது நாளைக்கு. டிக்கெட் உறுதியான பிறகு தினக்காலண்டர்ல நீங்க வர்ற நாளோட தாளை மடிச்சு வச்சு, தினமும் காலையில ஒரு தாளை அவனையே கிழிக்க விடச் சொல்லுங்க.

நின்னுபோன படுக்கை நனைக்கிற பழக்கம் திரும்ப வந்தாலோ, சாப்பாடு குறைஞ்சு ரெண்டு வாரம் தாண்டினாலோ, குழந்தை மருத்துவர்கிட்ட காட்டச் சொல்லுங்க.