நீட் ரேங்க் வந்த பிறகும் மாநில மெரிட் லிஸ்ட் எதற்கு?

கேள்வி: பெங்களூரில் இருக்கிறோம். மகள் நீட்டில் கட்-ஆஃப் தாண்டிவிட்டாள், அகில இந்திய ரேங்கும் வந்துவிட்டது. பிறகு கர்நாடகத்தில் தனியாக மெரிட் லிஸ்ட் எதற்கு? கட்-ஆஃபை யார் முடிவு செய்கிறார்கள்?

பதில்:

அல்சூரில் டியூஷன் நடத்துகிறேன். ஆண்டுதோறும் ஜூன் மாதம் இதே குழப்பத்தோடு பெற்றோர்கள் வருவார்கள். குற்றம் அவர்களுடையதல்ல, ‘கட்-ஆஃப்’ என்று இங்கே இரண்டு வேறு வேறு எண்களைச் சொல்கிறார்கள்.

உங்கள் மகள் தாண்டியது முதலாவது, அதாவது தகுதி மதிப்பெண். பொதுப் பிரிவுக்கு 50-ஆவது பெர்சன்டைல், பட்டியல் சாதி, பழங்குடி, ஓபிசி பிரிவுகளுக்கு 40-ஆவது பெர்சன்டைல். தேர்வு எழுதியவர்களை வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் மதிப்பெண்தான் பொதுப் பிரிவின் எல்லை. யாரும் உட்கார்ந்து ‘இத்தனை மார்க்’ என்று தீர்மானிப்பதில்லை. வினாத்தாள் கடினமானால் அது தானாக இறங்கும்: 2024-இல் 162, 2025-இல் 144. அந்த 2025-இல் 22 லட்சம் பேர் எழுதி, 12 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தகுதி பெற்றார்கள். நாடு முழுவதும் எம்பிபிஎஸ் இடங்களோ சுமார் 1.2 லட்சம். ஆகவே இந்த எல்லையைத் தாண்டினால் கவுன்சலிங்கில் நுழையலாம், அவ்வளவுதான்.

ரேங்க் பட்டியல் மதிப்பெண்ணை மட்டும் பார்க்கும். ஊர், படித்த பள்ளி, சான்றிதழ் எதையும் கேட்காது. மெரிட் லிஸ்ட் அப்படியல்ல. கர்நாடகத் தேர்வு ஆணையம் தன்னிடம் பதிவு செய்து, ஆவணங்கள் சரிபார்க்கப்பட்டவர்களை மட்டும் எடுத்து, அதே நீட் ரேங்க் வரிசையில் அடுக்குகிறது. யாருடைய முன்பின் வரிசையும் மாறாது. இடையில் உள்ள லட்சக்கணக்கான வெளிமாநிலத்தவர் உதிர்ந்துவிடுவார்கள். 70,000-ஆவது ரேங்க் எடுத்தவர் இங்கே ஐயாயிரத்துச் சொச்சத்தில் நிற்கக்கூடும் (கணக்குக்காகச் சொல்கிறேன்).

நம் தமிழ்க் குடும்பங்கள் இடறுவது இந்தச் சரிபார்ப்பில்தான். பொதுவாக, கர்நாடகத்தில் குறைந்தது ஏழு ஆண்டுகள் படித்து, பத்தாம் வகுப்பையோ பன்னிரண்டாம் வகுப்பான பியுசியையோ இங்கேயே தேறியிருந்தால் மாநில ஒதுக்கீட்டுக்குத் தகுதி உண்டு. சாதிப் பிரிவு வேறு கதை. தமிழ்நாட்டில் வாங்கிய பிசி, எம்பிசி சான்றிதழை இங்கே நீட்டிப் பயனில்லை. கர்நாடகப் பட்டியலில் அந்தச் சாதி இருந்து, இங்குள்ள தாசில்தார் சான்று தந்தால்தான் `2A`, `3A` போன்ற பிற்படுத்தப்பட்டோர் பிரிவுகள் கிடைக்கும். இல்லையென்றால் பொதுப் பிரிவு, அதாவது `GM`. நீட் ரேங்க் அட்டையில் ஓபிசி என்று இருப்பது மத்திய அரசுப் பட்டியலின்படி. அதை வைத்து இங்கே எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

இனி இரண்டாவது கட்-ஆஃப். ஒரு கல்லூரியில் ஐந்து இடங்கள் என்று வைத்துக்கொள்வோம்: மூன்று `GM`, இரண்டு `2A`. அந்தக் கல்லூரியைக் கேட்டவர்கள் மெரிட் வரிசையில் இப்படி நிற்கிறார்கள்: முதலாமவர் பொது, இரண்டாமவர் `2A`, மூன்றாமவர் பொது, நான்காமவர் `2A`, ஐந்தாமவர் பொது, ஆறாமவர் `2A`. `GM` இடங்கள் எல்லோருக்கும் திறந்தவை என்பதால் முதல் மூவரும் அவற்றை எடுத்துக்கொள்கிறார்கள், இரண்டாமவர் உட்பட. `2A` இடங்கள் நான்காமவருக்கும் ஆறாமவருக்கும் போகின்றன. ஐந்தாமவருக்கு இடமில்லை. மூன்றாமவரின் அகில இந்திய ரேங்க் `GM` கட்-ஆஃப், ஆறாமவருடையது `2A` கட்-ஆஃப். கடைசி இடம் நிரம்பிய பிறகு பின்னோக்கிப் பார்த்து எழுதும் எண் இது. முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது.

அடுத்த சுற்றில் சிலர் அகில இந்திய ஒதுக்கீட்டில் இடம் கிடைத்துப் போய்விடுவார்கள், சிலர் வேறு கல்லூரிக்கு மாறுவார்கள். காலியானவை கீழே இறங்கி நிரம்புவதால் கட்-ஆஃப் ரேங்க் பெரும்பாலும் தளரும். சென்ற ஆண்டின் கடைசிச் சுற்றுப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இந்த ஆண்டின் முதல் சுற்றில் ஏங்குவது வீண்.

இன்னொன்று: நான்கு லட்சத்துக்கு மேல் ரேங்க் உள்ளவருக்கு எம்பிபிஎஸ் கிடைத்ததாக யாராவது சொன்னால், எந்தப் பிரிவு இடம் என்று கேளுங்கள். தனியார் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீடு, தனியார் ஒதுக்கீடு, வெளிநாடுவாழ் இந்தியர் ஒதுக்கீடு என ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்-ஆஃப், தனிக் கட்டணம். கட்டணம் ஏற ஏற, போட்டியிடுபவர்கள் குறைந்து ரேங்க் பின்னுக்குப் போகும். மகளின் ரேங்கை அதே பிரிவு, அதே சுற்று, அதே வகை இடத்தோடு மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்கு முன் தாசில்தார் அலுவலக வேலையை முடித்துவிடுங்கள். சான்றிதழ் கைக்கு வர அவர்கள் எடுத்துக்கொள்ளும் காலத்துக்கு எந்தப் பட்டியலும் காத்திருக்காது.