விருது யாருக்கு, சான்றிதழ் எதற்கு?

கேள்வி: எங்களுக்குக் கிணற்று நீர்தான். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறது. வீட்டுக்கு வந்த முகவர் ஒருவர் 95,000 ரூபாய்க்கு நீர் வடிகட்டி ஒன்றை வாங்கச் சொல்கிறார். 'சர்வதேச விருது பெற்றது, ஐ.எஸ்.ஓ. 9001 சான்றிதழ் உடையது, என்.எஸ்.எஃப். சான்று பெற்றது' என்று துண்டுப்பிரசுரத்தில் இருக்கிறது. அதையும் சான்றிதழின் படத்தையும் அனுப்பியிருக்கிறேன். நம்பி வாங்கலாமா ஐயா?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: இப்போதைக்கு முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் அனுப்பிய சான்றிதழ் போலியாக இருக்க வேண்டியதில்லை. உண்மையானதாக இருந்தாலும் அது இந்த வடிகட்டியைப் பற்றியது அல்ல.

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மேலே 9001:2008 என்று இருக்கிறது. அந்தப் பதிப்புக்குப் பதிலாக 2015 செப்டெம்பரில் புதிய பதிப்பு வந்துவிட்டது. பழைய சான்றிதழ்களுக்கு மூன்று ஆண்டு அவகாசம் தரப்பட்டு, 2018 செப்டெம்பருடன் அவை செல்லாமல் போயின. உங்களிடம் உள்ளது 2016இல் வழங்கப்பட்டது. பொதுவாக இந்தச் சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்கே செல்லும். இடையில் ஆண்டுதோறும் கணக்காய்வும் நடக்க வேண்டும். ஆகவே இன்று அதைக் காட்டி விற்பது தவறு.

அதைவிட முக்கியமானது கீழே சிறிய எழுத்தில் இருக்கும் வரி. 'வீட்டு உபகரணங்களை இறக்குமதி செய்தல், விற்பனை செய்தல்' என்று எழுதியிருக்கிறார்கள். சான்றிதழ் எதற்கு என்பதைச் சொல்லும் வரி அதுதான். அந்த நிறுவனம் தன் இறக்குமதியையும் விற்பனையையும் ஒழுங்கான முறையில் நடத்துகிறது என்று மட்டுமே அதற்குப் பொருள். 9001 என்பது நிறுவனத்தின் நிருவாக முறைக்குரியது. எந்தப் பொருளின் தரத்துக்கும் அது சான்று ஆகாது. ஐ.எஸ்.ஓ. அமைப்பு தானே யாருக்கும் சான்றிதழ் வழங்குவதும் இல்லை. வெளிச் சான்றளிப்பு நிறுவனங்களே வழங்குகின்றன. சான்றளித்த நிறுவனத்தின் பெயரும் சான்றிதழ் இலக்கமும் கேட்டு வாங்குங்கள். iafcertsearch.org என்ற தளத்திலும் வடிகட்டியை விற்கும் நிறுவனத்தின் பெயரைத் தேடிப் பார்க்கலாம். எல்லாச் சான்றிதழ்களும் அங்கே இருக்கும் என்றில்லை. காணாவிட்டால் வழங்கியவர்களிடமே எழுதிக் கேளுங்கள்.

என்.எஸ்.எஃப். என்பது பொருளையே சோதித்துத் தரப்படுவது. அதனால் மூன்றில் உங்களுக்கு உண்மையில் உதவக்கூடியது இதுதான். ஆனால் எந்த இலக்கத் தரத்துக்கு என்று பிரசுரத்தில் இல்லை. 42 என்றால் குளோரின், சுவை, மணம் தொடர்பானது. 53 என்றால் ஈயம் போன்ற உடல்நலம் சார்ந்த மாசுகள். 58 என்பது எதிர்ச் சவ்வூடு பரவல், அதாவது ஆர்.ஓ. முறைக் கருவிகளுக்கு. முகவரிடம் மாதிரி இலக்கத்தைக் கேட்டு info.nsf.org/Certified/DWTU என்ற பட்டியலில் தேடுங்கள், இலவசம்தான். அங்கே அந்த மாதிரி இருக்கிறதா, எந்தெந்தப் பொருளைக் குறைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று பாருங்கள். சில சமயம் உள்ளே இருக்கும் ஒரு பாகத்துக்கு மட்டும் சான்று இருக்கும். பிரசுரம் முழுக் கருவிக்கும் இருப்பதுபோல் பேசும். 'அந்தத் தரத்தின்படி சோதிக்கப்பட்டது' என்பதும் சான்று பெற்றதாகாது.

42 மட்டும்தான் என்று தெரிந்தால் உங்கள் வீட்டுக்கு அதனால் பெரிய பயன் இல்லை. கேத்தலில் படிவது நீரின் கடினத்தன்மையால். குளோரினுக்கான கரி வடிகட்டி அதைக் குறைக்காது. கிருமி இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அத்தகைய கருவிகளின் கையேட்டிலேயே, கிருமி பற்றித் தெரியாத நீருக்கு முறையாகத் தொற்று நீக்காமல் பயன்படுத்த வேண்டாம் என்ற எச்சரிக்கை இருக்கும். அதை முகவர்கள் வாசித்துக் காட்டுவதில்லை என்பது எனக்கு மிகுந்த கோபத்தைத் தருகிறது. நம் பக்கத்தில் கிணற்று நீரைக் குடிக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள். ஆகவே கருவியைத் தேர்வதற்கு முன்னர் கிணற்று நீரைப் பரிசோதியுங்கள். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால் வழி சொல்வார்.

விருதைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. யார் கொடுத்தது, எந்த ஆண்டு, எந்தப் பிரிவில் என்ற மூன்றும் பிரசுரத்தில் இல்லை. கட்டணம் செலுத்தினால் கேடயம் தரும் அமைப்புகள் உலகில் நிறைய உண்டு. விருதின் பெயரை முகவர் சொன்னால், அதைக் கொடுத்தவர்களின் தளத்தில் அந்த ஆண்டின் வெற்றியாளர் பட்டியலைப் பாருங்கள். கம்பனியின் முகநூல் படம் போதாது. ஏற்றுமதிக்கோ பொதி வடிவமைப்புக்கோ நிறுவனம் பெற்ற விருதானால், நீர் சுத்தமாவதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

இவற்றுக்குப் பிறகும் வாங்க விரும்பினால், மாதிரி இலக்கத்தையும் சான்றின் தர இலக்கத்தையும் பற்றுச்சீட்டில் எழுதிக் கையொப்பமிடச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் வாங்காதீர்கள். எழுதியது பொய்யானால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் முறையிடலாம். தொலைபேசி இலக்கம் 1977. பிரசுரத்தையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.